கம்பியின் முதுகுப்பக்கம்: கான்கிரீட் உதிர்ந்த தளத்தின் அடியைச் சரிசெய்த விவரம்

வேலை ஒரு தாழ்வாரத்தின் கான்கிரீட் தளத்தில். மேலே மழைநீர் இறங்கும் குழாயின் வாய். அதற்கு நேர் கீழே, தளத்தின் அடிப்பக்கம் பட்டையாக உதிர்ந்து மூன்று கம்பிகள் வெளியே தெரிந்தன. தொட்டால் துரு ஏடு ஏடாகக் கையோடு வந்தது. இதற்கு முன்னாலும் அதே இடத்தில் யாரோ சிமென்ட் கலவை பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு ஒரே தட்டாகக் கழன்று தரையில் கிடந்தது. அதைத் திருப்பிப் பார்த்தால் உட்புறத்தில் கம்பியின் அச்சு அரைவட்டமாகப் பதிந்திருந்தது, அச்சு முழுக்கத் துருப்பொடி. பூசியவர் கம்பியின் முன்பக்கத்தை மட்டும்தான் மூடியிருக்கிறார். முதுகுப்பக்கம் பழைய கான்கிரீட்டுக்குள் துருவோடு அப்படியே இருந்து, மேலும் ஊதி, புதுப் பூச்சைத் தள்ளிவிட்டது.

இரும்பு துருவாக மாறும்போது, தான் இருந்த இடத்தைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால் கம்பி ஊத ஊத முதலில் கம்பியை ஒட்டி நீளவாக்கில் ஒரு விரிசல் வரும், பிறகு அடிப்பக்கம் தட்டாகப் பிரியும், கடைசியில் விழும். நாம் கீழே விழுந்ததைப் பார்க்கும்போது அந்த வேலை உள்ளே பல வருடங்களாக நடந்து முடிந்திருக்கும். எனவே எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதை வைத்து வேலையின் அளவை முடிவு செய்யக் கூடாது. தட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சின்ன சுத்தியலால் ஒரு சாண் இடைவெளியில் தளத்தின் அடி முழுவதையும் தட்டினோம். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், சுத்தியல் கையில் துள்ளும். பிரிந்துபோன இடத்தில் தொளதொளவென்று பொள்ளலான சத்தம் வரும். சத்தம் மாறும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டு இணைத்தபோது, உதிர்ந்த பகுதியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பு உள்ளுக்குள் பிரிந்திருப்பது தெரிந்தது. வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "கம்பிதான் தெரியுதே, அப்படியே மருந்து தடவி பூசிடலாமே, நல்லா இருக்கிறதை எதுக்கு உடைக்கணும்?" என்றார். கீழே கிடந்த அந்தத் தட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

உடைப்பதற்கு முன் இரண்டு காரியம். ஒன்று, மேலே தண்ணீர் நிற்பதை நிறுத்துவது. குழாய் வாயைச் சுற்றிப் பழைய பூச்சைப் பெயர்த்து, வாட்டம் பார்த்து, நீர்த்தடுப்பு அடித்து, தண்ணீர் கட்டிச் சோதித்த பிறகுதான் கீழே கை வைத்தோம். ஈரம் மேலிருந்து வந்துகொண்டிருந்தால் கீழே எந்த மருந்தும் நிற்காது. இரண்டு, முட்டு. இது 12 சென்டிமீட்டர் தளம். அடியில் கம்பியைச் சுற்றி உடைத்தெடுத்தால் கம்பியும் கான்கிரீட்டும் பிரிந்து, அந்த இடத்தில் தளம் தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். அதனால் உடைக்கப்போகும் பகுதிக்கு இருபுறமும் பலகை வைத்து ஜாக்கி முட்டுக் கொடுத்தோம். பலகை தளத்தோடு இறுகும் அளவுக்குத் திருகினால் போதும், தளத்தைத் தூக்கப் பார்க்கக் கூடாது. மேலே ஆள் நடமாட்டத்தையும் நிறுத்திவிட்டோம். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து முட்டின் இடத்தைக் குறித்துக் கொடுத்தார். சன்ஷேடு, பால்கனி மாதிரி ஒருபக்கம் மட்டும் பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் தளமாக இருந்தால் கதையே வேறு. அங்கே பாரம் தாங்கும் கம்பி மேல்பக்கத்தில் இருக்கும், ஆகவே அங்கே பொறியாளர் சொல்லாமல் உளியே வைக்கக் கூடாது. தூண், உத்திரம் விஷயமும் அப்படித்தான்.

அடுத்து எல்லைக்கோடு. உடைந்த வாய் எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுப் பூசினால் ஓரம் காகிதம்போல் மெலிந்து முடியும். மெலிந்த ஓரம்தான் முதலில் பெயரும். அதனால் பிரிந்த பகுதியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல கான்கிரீட்டையும் சேர்த்து நேர்கோட்டில் ஒரு செவ்வகம் போட்டு, டைமண்ட் பிளேடு மாட்டிய கிரைண்டரால் கோட்டின் மேல் அறுத்தோம். வழக்கமாக 10 மி.மீ. ஆழம் அறுப்பார்கள். இங்கே சில இடங்களில் கம்பிக்குக் கீழே இருந்த கான்கிரீட் மூடலே வெறும் 8 மி.மீ. தளம் போட்ட காலத்தில் கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகையின் மேலேயே படுக்கவைத்திருக்கிறார்கள். இந்த வியாதிக்கு மூலகாரணமும் அதுதான். 10 மி.மீ. அறுத்தால் பிளேடு கம்பியில் ஏறிவிடும் என்பதால் கம்பியைக் கடக்கும் இடங்களில் 5 மி.மீ.யோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை உளியால் செங்குத்தாக வெட்டிக்கொண்டோம்.

இனிதான் இந்த வேலையின் உயிர்நாடி. கொத்துவது கம்பி தெரியும்வரை என்று நிறுத்தினால் முந்தின ஆள் செய்ததையே திரும்பச் செய்ததாகிவிடும். கம்பிக்கு மேலே, அதாவது அதன் முதுகுப்பக்கம், 20 மி.மீ. இடைவெளி வரும்வரை கொத்தியெடுக்க வேண்டும். சுண்டுவிரல் கம்பிக்குப் பின்னால் தாராளமாக நுழைந்து வெளியே வர வேண்டும், அதுதான் கைக்கணக்கு. நீளவாக்கில், துரு முடிந்து நல்ல கம்பி தெரிந்த பிறகும் இன்னொரு 50 மி.மீ. போக வேண்டும். பெரிய டெமாலிஷன் ஹாமரை நான் இந்த வேலைக்கு எடுப்பதில்லை. அதன் அதிர்ச்சி நல்ல கான்கிரீட்டிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசலை உண்டாக்கும். கம்பியின் மேல் பட்டால் அதிர்வு கம்பி வழியே ஓடி, அது இன்னும் புதைந்திருக்கிற இடத்தின் பிடிப்பையும் தளர்த்தும். சின்ன சிப்பிங் ஹாமரும், கடைசி ஒரு விரற்கடைக்கு கையுளியும் போதும். தலைக்கு மேல் கொத்துவதால் கண்ணாடியும் தூசு முகமூடியும் இல்லாமல் ஏறவே கூடாது.

கொத்திய புது முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்த்தோம். ஆல்கஹாலில் கரைத்த ஒரு சதவீதக் கரைசல். நல்ல கான்கிரீட்டில் காரம் அதிகம், பி.எச். 12க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில்தான் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் நிற்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே ஊறி, அந்தக் காரத்தை 9க்கும் கீழே இறக்கும்போது படலம் போய்விடும். அப்புறம் ஈரமும் காற்றும் கிடைத்தால் துருதான். கரைசல் பட்டதும் காரம் உள்ள இடம் அடர் ரோஜா நிறமாகும், செத்துப்போன இடம் நிறம் மாறாமல் கிடக்கும். தெளிப்பதற்கு முன் தூசியை ஊதிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருந்து வந்த தூசி மேலே படிந்து பொய்யாக ரோஜா காட்டும். எங்களுக்கு வெட்டு முகத்தில் அடியிலிருந்து சுமார் 18 மி.மீ. வரை நிறமே இல்லை, அதற்கு மேல் நல்ல ரோஜா. கம்பி முழுவதும் அந்த நிறமில்லாத பட்டைக்குள் மாட்டியிருந்தது. அதற்கு மேலே குறுக்காகப் போகும் 8 மி.மீ. கம்பிகள் ரோஜாப் பகுதியில் இருந்ததால் அவற்றில் துரு இல்லை. இந்தப் பட்டையைப் பார்த்த பிறகு எவ்வளவு ஆழம் கொத்த வேண்டும் என்பதில் யாருக்கும் வாக்குவாதம் இருக்காது.

அடுத்தது துரு எடுப்பது. ஏடாக நின்ற துருவைச் சுத்தியலால் லேசாகத் தட்டினாலே உதிரும். பிறகு கிரைண்டரில் கம்பி பிரஷ் கப் மாட்டி முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் தேய்த்தோம். கப் முதுகுப்பக்கம் போகாது. அதற்கு முரட்டு எமரித் துணியை நீளப் பட்டையாகக் கிழித்து, கம்பிக்குப் பின்னால் கோத்து, இரண்டு முனையையும் பிடித்து தயிர் கடைவதுபோல் மாறி மாறி இழுக்க வேண்டும். ஒரு அடி கம்பிக்கே தோள் இறங்கிவிடும். கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் கட்டுக்கம்பி இருந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டுத் தேய்த்து, பிறகு புதிதாகக் கட்ட வேண்டும். அந்த முடிச்சுக்குள் ஒளிந்திருக்கும் துருவை வேறு வழியில் எடுக்க முடியாது. மணல் வீச்சு இயந்திரம் வைத்துக்கொள்ள வசதி இருந்தால் இந்தக் கூத்தே வேண்டாம், மூன்றே நிமிடத்தில் வெள்ளி மாதிரி வந்துவிடும். வீடுகளுக்குள் அது பெரும்பாலும் நடக்காது.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சின்ன முகக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொள்வேன். கண்ணாடியைக் கம்பிக்குப் பின்னால் நுழைத்து வெளிச்சம் அடித்தால், கீழிருந்து பளபளவென்று தெரிகிற அதே கம்பியின் முதுகில் செங்காவி நிறத்தில் ஒரு கோடு போவது தெரியும். முதல் தடவை தேய்த்ததும் எப்போதும் அந்தக் கோடு இருக்கும். அது போகும்வரை எமரித் துணிதான்.

சுத்தமான பிறகு கம்பியின் கனத்தை வெர்னியரால் அளந்தோம். முதலில் 10 மி.மீ. கம்பி. பெரும்பாலான இடங்களில் 9.2 வந்தது. விட்டம் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது என்று தோன்றும். பலம் இருப்பது குறுக்குப் பரப்பில், அது விட்டத்தின் வர்க்கத்தோடு குறையும். 9.2ஐ 10ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.85, அதாவது 15 சதவீதம் போயிருக்கிறது. நடுக்கம்பியில், குழாய் வாய்க்கு நேர் கீழே, ஒரு இடத்தில் 8.4தான் இருந்தது. அங்கே 29 சதவீதம் இல்லை. கால்வாசிக்கு மேல் போனால் துணைக்கம்பி என்பது பொதுவாக எல்லோரும் வைத்துக்கொள்ளும் எல்லை. பொறியாளரும் அதையே சொன்னார். துணைக்கம்பி என்றால் மெலிந்த இடத்தில் ஒரு துண்டை வைத்துக் கட்டுவது அல்ல. மெலிந்த இடத்தைத் தாண்டி இருபுறமும் கம்பியின் விட்டத்தைப்போல் ஐம்பது மடங்கு, இங்கே 500 மி.மீ., நல்ல கம்பியோடு சேர்ந்து ஓட வேண்டும். அப்போதுதான் பழைய கம்பியின் இழுவை புதுக்கம்பிக்கு மாறும். இதனால் அந்த ஒரு கம்பியை ஒட்டி இன்னும் நீளமாகக் கொத்த வேண்டியதாயிற்று. கடைசியில் செவ்வகம் 1.3 மீட்டர் நீளம், 0.6 மீட்டர் அகலத்தில் நின்றது. வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கம்பியின் வகை தெரியாமல் சூடு வைத்தால் அந்த இடத்தில் எஃகு முறுகிப்போக வாய்ப்பு இருக்கிறது, நான் அதற்குப் போவதில்லை.

துரு மருந்து என்று டப்பாவில் வருவதைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. துரு மாற்றி என்பது பெரும்பாலும் டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த திரவம். அது துருவோடு வினைபுரிந்து கருநிறமான, கரையாத ஒரு படலமாக மாற்றும். மாற்றக்கூடியது மெல்லிய துருவை மட்டுமே. ஏடாக நிற்கும் துருவின் மேல் தடவினால் மேல்தோல் கறுத்து அழகாக இருக்கும், உள்ளே பழையது அப்படியே இருக்கும். எமரித் துணியால் தேய்த்தும் குழிகளுக்குள் கொஞ்சம் செந்நிறம் மிஞ்சும், அந்தக் குழிகளுக்குத்தான் இது. சின்ன பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைத்தோம். சிறிது நேரத்தில் புள்ளி புள்ளியாக நீலங்கறுப்பாக மாறியது. அமிலம் என்பதால் கான்கிரீட்டில் வழிந்தால் நுரைத்து அந்த இடத்தை அரிக்கும், கையோடு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். டப்பாவில் சொன்ன நேரம் ஆனதும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் கழுவி, புளோயரால் ஊதிக் காயவைத்தோம். கழுவாமல் விட்ட அமில மிச்சம் மேலே வரப்போகும் சிமென்ட் பூச்சின் பிடிப்பைக் கெடுக்கும்.

அதன் மேல் கம்பிக்குக் காப்புப் பூச்சு. இதில் இரண்டு சாதி. துத்தநாகம் செறிந்த எபாக்சி ஒன்று, பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு இன்னொன்று. துத்தநாகப் பூச்சு வேலை செய்ய வேண்டுமானால் அது வெற்று இரும்பைத் தொட வேண்டும், துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றுகிற ஏற்பாடு அது. துரு மாற்றி போட்ட படலத்தின் மேல் அடித்தால் அந்தத் தொடுப்பு அறுந்துவிடும். ஆகவே மணல் வீச்சில் வெள்ளையாக வந்த கம்பிக்கு துத்தநாகம், கையால் தேய்த்த கம்பிக்கு சிமென்ட் பூச்சு என்பது என் கணக்கு. சிமென்ட் பூச்சு தன் காரத்தைக் கம்பிக்குத் திரும்பத் தருவதும் ஒரு லாபம். இரண்டு கை அடித்தோம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மி.மீ. கனம், முதல் கை தொட்டால் ஒட்டாத பிறகு இரண்டாவது. முதுகுப்பக்கத்துக்கு வளைந்த பிரஷ். மறுபடியும் அதே முகக்கண்ணாடிதான் தீர்ப்புச் சொல்லும்.

இனி கலவை. பாக்கெட்டில் தயாராக வரும் ரிப்பேர் மார்ட்டரும் உண்டு. சுருங்காத தன்மை, நார் எல்லாம் சேர்த்தே வரும், பையில் எழுதிய தண்ணீரைத் தவிர எதுவும் சேர்க்கக் கூடாது. எங்களுக்கு எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் என்ற செயற்கை ரப்பர்ப் பாலை வைத்துத் தளத்திலேயே கலக்கும் முறை பழக்கம். ஒரு கலவைக்கு 5 கிலோ சிமென்ட், சலித்துக் காயவைத்த முரட்டு மணல் 15 கிலோ, லேடெக்ஸ் 1 லிட்டர், தண்ணீர் 1 லிட்டரில் தொடங்கித் தேவைக்குச் சிறிது. ஒரு கலவையில் சுமார் 10 லிட்டர் வரும். மணலும் சிமென்டும் உலர்வாகக் கலந்து வைத்துக்கொண்டு, லேடெக்ஸையும் தண்ணீரையும் வாளியில் முதலில் ஊற்றி, அதில் உலர்கலவையைப் போட வேண்டும். துடுப்பு மாட்டிய டிரில்லை மெதுவான வேகத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. லேடெக்ஸ் சோப்புத் தண்ணீர் மாதிரி காற்றைப் பிடிக்கும், அடித்துக்கொண்டே இருந்தால் கலவை உப்பி, காய்ந்ததும் பலமில்லாமல் போகும். பதம் பார்க்க, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரப் பளபளப்பு தெரிய வேண்டும், விரலிடுக்கில் வழியக் கூடாது. மர பெவிகால் வகையைச் சிமென்டில் கலந்து ஒட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பசை ஈரம் கண்டால் மறுபடி பாலாகிவிடும், கூரையின் அடியில் அதற்கு வேலையே இல்லை.

தளத்தின் அடி முகத்தை முந்தின நாளே நன்றாக நனைத்து, இரவு முழுக்க ஈரமாக வைத்திருந்தோம். பூசும்போது கான்கிரீட் உள்ளே தண்ணீர் குடித்து முடித்திருக்க வேண்டும், மேலே பளபளவென்று தண்ணீர் நிற்கவும் கூடாது. கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், கை நனையக் கூடாது. காய்ந்த கான்கிரீட் கலவையிலிருந்து தண்ணீரை உறிஞ்சி ஒட்டுமிடத்தில் சுண்ணாம்புபோல் பொடியாக்கிவிடும். நீர் நின்றால் நடுவில் ஒரு நீர்ப்படலம் மாட்டிக்கொள்ளும்.

அந்த ஈர முகத்தில் சிமென்ட் பால். லேடெக்ஸும் தண்ணீரும் சரிசமம், அதில் சிமென்டைப் போட்டுக் கெட்டிப் பெயின்ட் பதத்துக்குக் கரைத்து, முரட்டு பிரஷ்ஷால் துளைகளுக்குள் அழுத்தித் தேய்க்க வேண்டும். மேலோட்டமாகத் தடவினால் பயனில்லை. இது காய்வதற்குள் கலவை ஏற வேண்டும். விரலால் தொட்டால் பிசுக்கென்று ஒட்டும் நேரம்தான் சரியான நேரம். காய்ந்து பளபளவென்று தோல் கட்டிவிட்டால் அது ஒட்டும் பொருளாக இருப்பதை விட்டுவிட்டு இடையில் விரித்த தாளாக மாறிவிடும். அதற்கு மேல் பூசுவது பால் அடிக்காமலே பூசுவதைவிட மோசம். அதனால் ஒருவர் பால் அடிக்க அடிக்க இன்னொருவர் பின்னாலேயே கலவையைப் பிடித்து வந்தோம். ஒரு முழ நீளத்துக்கு மேல் முன்னால் போகவிடவில்லை.

முதல் கலவையைக் கரண்டியால் அடிக்காமல், கையுறை போட்ட கையாலேயே கம்பிக்குப் பின்னால் திணித்தோம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கம்பியின் ஒரு பக்கத்திலிருந்தே அழுத்திக்கொண்டு போய், மறுபக்கம் கலவை பிதுங்கி வெளியே வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் மாறி மாறித் திணித்தால் நடுவில், கம்பியின் முதுகுக்கு நேராக, காற்று அடைபட்டு ஒரு பொந்து நிற்கும். வெளியே எதுவும் தெரியாது. அந்தப் பொந்தில்தான் ஈரம் வந்து உட்காரும், திரும்பவும் அதே கம்பி, அதே துரு.

தலைக்கு மேல் பூசும்போது ஒரு தடவைக்கு 12, 13 மி.மீ. அளவுக்கு மேல் ஏற்றுவதில்லை. அதற்கு மேல் போனால் கலவை தன் கனத்தில் லேசாகத் தொங்கும். ஒட்டின இடத்தில் முடியளவு இடைவெளி விடும், பிறகு அதை எவ்வளவு தடவினாலும் ஒட்டாது. ஒவ்வொரு கையும் கொஞ்சம் இறுகியதும் கரண்டி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு, கட்டைவிரலால் அழுத்தினால் மிக லேசான தடம் மட்டும் விழும் நிலையில் அடுத்த கை. நடுவில் இரவு வந்துவிட்டால் மறுநாள் நனைத்து, திரும்பவும் சிமென்ட் பால். கணக்கும் வசதியாக அமைந்தது: 0.78 சதுரமீட்டர் பரப்பில் ஒரு கைக்கு ஏறக்குறைய ஒரு முழுக் கலவை போனது, நாலு கையில் மொத்தக் கனம் 50 மி.மீ.

எதற்கு 50? கம்பிக்கு மேலே 20, கம்பி 10, அதற்குக் கீழே மூடல் 20. பழைய மூடல் வெறும் 8 மி.மீ. என்பதால், பழைய மட்டத்திலேயே முடித்தால் கம்பி திரும்பவும் தோலுக்கு அடியில்தான் இருக்கும். ஆகவே புது ஒட்டு பழைய தளத்தைவிட 12 மி.மீ. கீழே இறங்கி, ஒரு பலகை ஒட்டியதுபோல் தெரியும்படி விட்டோம். வீட்டுக்காரர் அதை ஓரத்தில் இழைத்து மறைத்துவிடச் சொன்னார். இழைத்தால் வெட்டின கோட்டுக்கு வெளியே பழைய பெயின்ட் படிந்த முகத்தின் மேல் மெல்லிய ஓரம் ஏறும், அது முதல் வருடமே பெயரும். அதனால் வெட்டுக்கோட்டிலேயே நிறுத்தி, விளிம்பை மட்டும் சாய்வாக வெட்டிவிட்டோம். தாழ்வாரத்தில் ஒரு சட்டம் மாதிரி தெரிந்துவிட்டுப் போகட்டும். கடைசி முகத்தை மணியாஸ் கட்டையால் ஒருமுறை இழுத்ததோடு சரி. எஃகுக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினால் மேலே பால் திரண்டு, காய்ந்ததும் சிலந்தி வலை மாதிரி வெடிக்கும்.

ஈரம் காப்பதில் லேடெக்ஸ் கலவை சாதாரண கான்கிரீட்டிலிருந்து கொஞ்சம் மாறுபடும். முதல் ஒன்றிரண்டு நாள் ஈரம் போகாமல் மூடி வைக்க வேண்டும். பிறகு திறந்து உலரவிட வேண்டும், அப்போதுதான் உள்ளேயிருக்கும் பாலிமர் துகள்கள் ஒன்றுசேர்ந்து படலமாகும். ஒரு வாரம் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பது இங்கே உதவி செய்வதாகாது. தலைக்கு மேல் சாக்கு நிற்காது என்பதால் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, அவ்வப்போது ஒரு மூலையைத் திறந்து புகைபோல் நீர் தெளித்து மூடினோம். காற்று வரும் பக்கத்தில் தாள் கழன்றால் அந்த மூலையில் மட்டும் மயிரிழை விரிசல் வரும், அதைப் பார்த்தே தாள் எங்கே திறந்திருந்தது என்று சொல்லிவிடலாம்.

ஒரு வாரம் கழித்து மறுபடி சுத்தியல். ஒட்டு முழுவதையும், ஓரங்களை இன்னும் நெருக்கமாகத் தட்டினோம். எங்கும் பொள்ளல் சத்தம் இல்லை. கேட்டிருந்தால் அந்த இடத்தைத் திரும்ப வெட்டியெடுப்பதைத் தவிர வழியில்லை, மேலே ஊசி போட்டு எதையாவது நிரப்புவது சமாதானம் செய்துகொள்வதுதான். பெரிய வேலைகளில் ஒட்டின் மேல் வட்டத் தகடு ஒட்டி இழுத்துப் பார்க்கும் சோதனை செய்வார்கள். கட்டமைப்புப் பாகங்களுக்கு ஐரோப்பியத் தரம் இ.என். 1504இன் மூன்றாம் பகுதி 1.5 மெகாபாஸ்கல் பிடிப்பையும், அதற்கு மேல்தர வகைக்கு 2ஐயும் கேட்கிறது. இந்த அளவு வேலைக்கு நாங்கள் அதற்குப் போகவில்லை. ஜாக்கி முட்டுகளை மட்டும் அவசரப்பட்டு எடுக்கவில்லை, கலவை 28 நாள் பலம் பிடித்த பிறகுதான் நடுவிலிருந்து தொடங்கிச் சுற்று சுற்றாகத் தளர்த்தினோம்.

இந்த முறைக்கு ஒரு எல்லை இருக்கிறது. துருவுக்குக் காரணம் கரியமில வாயு என்றால், செத்த கான்கிரீட்டை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விஷயம் முடிந்தது. காரணம் உப்பு என்றால், அதாவது கடற்காற்றாலோ உப்புத் தண்ணீரில் குழைத்ததாலோ குளோரைடு ஏறியிருந்தால், கம்பி ஒட்டுக்குள்ளே நலமாக இருக்கும், ஒட்டின் ஓரத்துக்கு வெளியே இருக்கும் பகுதி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். இதுவரை துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம்தான் பக்கத்திலுள்ள கம்பியைத் தன்னையறியாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நாம் அதைச் சரிசெய்ததும் அந்தக் காவல் போய், அரிப்பு அடுத்த இடத்துக்கு நகர்கிறது. கம்பியில் துடைத்த மறுநாளே ஆழமான ஊசிக்குழிகளில் ஈரம் கசிந்து செம்புள்ளிகள் திரும்ப வந்தால் உப்பைச் சந்தேகப்பட வேண்டும். கான்கிரீட் தூளை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து குளோரைடு பார்த்துவிடுவது நல்லது. அப்படி இருந்தால் ஒட்டின் ஓரத்தில் கம்பியோடு துத்தநாகத் துண்டுகளைக் கட்டிப் புதைக்கும் முறை இருக்கிறது, வெறும் ஒட்டு சில வருட வாய்தாதான் வாங்கித் தரும். எங்கள் கம்பி பரவலாக, ஒரே சீராகத் துருப்பிடித்திருந்தது, கழுவிய பிறகும் புள்ளிகள் திரும்பவில்லை. ஃபீனால்ஃப்தலீன் காட்டியதும் அதோடு ஒத்துப்போயிற்று.

மிச்சம் இருந்தது மீதித் தளம். கவர் பிளாக் இல்லாமல் போட்ட தளம் ஒரு மூலையில் மட்டும் மெல்லியதாக இருக்காது. மற்ற இடங்களில் இன்னும் பிரியவில்லை என்றாலும், கரியமில வாயு அங்கேயும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். அதனால் பழைய சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டிவிட்டு, ஒட்டு நன்றாக உலர்ந்த பிறகு, தளத்தின் அடி முழுவதும் கார்பனேற்றத்தைத் தடுக்கும் அக்ரிலிக் பூச்சு இரண்டு கை அடித்தோம். நீராவியை வெளியே விடும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். மேலே நீர்த்தடுப்பு இருக்கும்போது கீழேயும் காற்றுப் புகாத பெயின்ட் அடித்தால், நடுவில் மாட்டிய ஈரம் கொப்புளமாகக் கிளம்பும். ஒட்டின் நாலு ஓரத்திலிருந்தும் ஒரு அடி தூரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். மழைக்காலம் முடிந்ததும் வீட்டுக்காரர் அந்தப் பட்டையை மட்டும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதாகப் பேச்சு.